காசு சிங்கப்பூரில், பை பாபநாசத்தில்: வாட்ஸ்அப்பா, பேஸ்புக்கா, வீடியோவா?

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ஒரு வழி பிறந்துவிடாதா என்று எல்லோருக்கும் ஆசை. "அண்ணே, வெளிநாட்டில் இருக்கிறவங்ககிட்ட ஆர்டர் வாங்கி இங்க அவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில் ஆரம்பிச்சிருக்கேன். கடையில நானும் தங்கச்சியும்தான். இன்ஸ்டாவில் போடச் சொல்றாங்க, பேஸ்புக்கில் விளம்பரம் கொடுக்கச் சொல்றாங்க, வாட்ஸ்அப் போதும்ங்கறாங்க. எதுல நேரத்தைப் போடுறது?" என்று வலங்கைமானிலிருந்து ஒரு தம்பி கேட்டார். மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மாவும், மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பதியும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டிருந்தார்கள்.

கும்பகோணத்தில் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை ஒப்பிட்டுச் சொல்கிறேன். பொங்கல் சீர், வளைகாப்புத் தட்டு, அம்மாவுக்குப் பிறந்தநாள் புடவை, மாத மளிகை என்று வெளிநாட்டுப் பணத்தில் உள்ளூர் வீட்டுக்குப் போகும் பொருள்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

## எதை வைத்து எடை போடுவது

சாதாரணக் கடைக்கு, பார்ப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். நம் தொழிலில் காசு கொடுப்பவர் அபுதாபியில் இருக்கிறார், பையை வாங்கிக்கொள்பவர் குடவாசலில் இருக்கிறார். சோஷியல் மீடியாவைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் நமக்குப் பாதிதான் பொருந்துவதற்கு இதுவே காரணம். நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, நாம் போடுவது காசு கொடுப்பவர் கண்ணில் படுகிறதா. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர் பார்த்த ரீலால் நமக்கு ஒரு சீர்த்தட்டுகூட விற்காமல் போகலாம்.

இரண்டாவது, கண்ணால் பார்க்காத கடைக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பும் தைரியத்தை அது தருகிறதா.

மூன்றாவது, வாங்கிக்கொள்பவரிடமிருந்தும் அவரைச் சுற்றி இருக்கும் சொந்தபந்தத்திடமிருந்தும் விஷயம் மறைந்திருக்கிறதா. புதிதாக வருகிறவர்கள் யாரும் இதை நினைத்தே பார்ப்பதில்லை. நானும் நினைக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான்காவது, விலைப்பட்டியலில் இல்லாத செலவு. வரி, ராத்திரித் தூக்கம், பதில் சொல்லும் மணிக்கணக்கு எல்லாம் இதில் அடக்கம்.

## வாட்ஸ்அப்

இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே போதும், காசு கிடையாது. கேட்டலாக், லேபிள், பிராட்காஸ்ட், ஸ்டேட்டஸ் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. காசு கொடுப்பவர் கண்ணில் படுகிறதா என்று கேட்டால், ஒரு முறை வாங்கியவர் விஷயத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. புது ஆள் விஷயத்தில் இது தானாக எதையும் செய்யாது.

பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான் சேர்க்கலாம். அதைவிட முக்கியம், நம் எண்ணை அவர் தன் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஸ்டேட்டஸுக்கோ இரண்டு பக்கமும் சேமித்திருக்க வேண்டும். "நூறு பேருக்கு அனுப்பினேன், நாலு பேர்கூடப் பார்க்கலை" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இதில்தான் மாட்டியிருப்பார்கள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, விவரத்தைத் திறந்து, இரண்டு டிக் எத்தனை பேருக்கு விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நாள் கணக்காகியும் டிக் விழாதவர்களில் முக்கால்வாசிப் பேர் எண்ணைச் சேமிக்காதவர்களாகத்தான் இருப்பார்கள்.

எண்ணைச் சேமிக்கச் சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு. பை அம்மா கைக்குப் போய், அதைக் காட்டும் இருபது விநாடி டெலிவரி வீடியோ மகனுக்குப் போய், அவர் ஒரு இதயத்தைத் திருப்பி அனுப்பும் அந்த நிமிஷம்தான் அது. அப்போது "அண்ணே, இந்த நம்பரைச் சேமிச்சு வெச்சுக்குங்க, பொங்கலுக்கு ஞாபகப்படுத்துறேன்" என்றால் உடனே செய்துவிடுவார். விலை கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னால் செய்ய மாட்டார்.

இனி நான் பட்ட கதை. ஒரு தை மாதம் அமீரகத்தில் இருக்கும் ஒருவர், திருவிடைமருதூர் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் தன் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குத் திருபுவனம் பட்டும் கேக்கும் சொல்லியிருந்தார். முதல் நாள் சாயங்காலமே பொட்டலம் கட்டிவிட்டோம். பார்க்க அழகாக இருந்ததால் என் தங்கை ஒரு போட்டோ எடுத்து "நாளை ஒரு அம்மாவுக்கு" என்று ஸ்டேட்டஸில் போட்டாள். வாழ்த்து அட்டையில் பெயர் தெரிந்தது. ஒரு மாதம் முன்பு மளிகை கொண்டுபோன பையன், வழி கேட்க அந்த அம்மாவைக் கடை எண்ணிலிருந்தே கூப்பிட்டிருந்தான். அவர் அதை "கும்மோணம் பார்சல் தம்பி" என்று சேமித்திருந்தார். முகவரிக்காக நாங்களும் அவர் எண்ணைச் சேமித்திருந்தோம். ராத்திரி எட்டரை மணிக்கு மகனுக்கு அம்மாவிடமிருந்து குரல் செய்தி போயிருக்கிறது: "எதுக்குடா இவ்வளவு செலவு?"

அதோடு போகவில்லை. அதே வீட்டு மருமகளும் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, நம் கேட்டலாக்குக்குள் போய் அந்தப் புடவையின் விலையைக் கண்டுபிடித்துவிட்டார். தீபாவளிக்குத் தனக்கு வந்த புடவையின் விலையும் அதே கேட்டலாக்கில் இருந்தது. அந்த வாடிக்கையாளர் எங்களைத் திட்டவில்லை. "தம்பி, என் வீட்டுப் பஞ்சாயத்தை நீங்க கூட்டிட்டீங்க" என்று மட்டும் எழுதினார். அதன் பிறகு அவரிடமிருந்து ஆர்டர் வரவே இல்லை.

அன்று முதல் இரண்டு எண் வைத்திருக்கிறோம். ஒன்று காசு கொடுப்பவர்களுக்கு. கேட்டலாக், ஸ்டேட்டஸ், பிராட்காஸ்ட் எல்லாம் அதில்தான். இன்னொன்று டெலிவரிப் பையனிடம் இருக்கிறது, வெறும் போன் செய்வதற்கு மட்டும். அதில் ஸ்டேட்டஸ் கிடையாது, கேட்டலாக் கிடையாது, கடைப் படம்கூடக் கிடையாது. வாங்கிக்கொள்பவரின் எண் முதல் போனில் ஏறவே ஏறாது. இன்னொரு சிம் வாங்க முடியாதென்றால், ஸ்டேட்டஸ் அமைப்பில் My contacts except என்பதில் ஊர்க்காரர்களை விலக்கி வைக்கலாம். ஆனால் புது எண் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஞாபகமாகச் செய்ய வேண்டும், ஒரு நாள் மறந்துபோகும்.

வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே குரூப்பில் போடுவதும் இதே வகைத் தவறுதான். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அப்புறம் குரூப் நம்முடையதாக இருக்காது.

எனக்கு அதிகம் விற்றுக்கொடுத்தது பிராட்காஸ்ட் இல்லை, தேதி. ஒவ்வொரு ஆர்டருக்கும் நாடு, உறவு, விசேஷம் மூன்றையும் லேபிளில் போட்டு, தேதியை நோட்டில் எழுதி வைக்கிறோம். அடுத்த வருஷம் பத்து நாள் முன்னதாக, "போன வருஷம் இந்த வாரம் அக்காவுக்குக் கல்யாண நாள் தட்டு அனுப்பினீங்க, இந்தத் தடவை என்ன செய்யலாம்?" என்று ஒருவருக்கு ஒருவராக எழுதுவோம். இருபது பேருக்கு எழுத ஒரு மணி நேரம் ஆகும்.

மறைந்திருக்கும் செலவு என்றால் கடிகாரம்தான். சிங்கப்பூரில் ராத்திரி ஒன்பது மணி நமக்கு ஆறரை, அது சுகம். துபாயில் ஒன்பது என்றால் நமக்குப் பத்தரை. டொராண்டோவில் குளிர்காலத்து ஒன்பது மணி நமக்கு மறுநாள் காலை ஏழரை. மூன்று நாட்டையும் சேர்த்துக்கொண்டால் கடை மூடுவதே இல்லை. பேசிச் சரிசெய்யலாம் என்றாலும் அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது, குரல் செய்திதான். ஆரம்பிக்கிறவர்கள் ஒரு நாட்டையோ, ஒரே நேரக்கணக்கில் இருக்கும் இரண்டு நாட்டையோ மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. சிங்கப்பூரும் மலேசியாவும் அப்படி ஒரு ஜோடி.

## பேஸ்புக் பக்கமும் விளம்பரமும்

புது ஆள் வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் விமானம் ஏறியவர்கள், இப்போது வீட்டுக்குப் பணம் அனுப்பும் இடத்தில் இருப்பவர்கள், என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இன்னும் பேஸ்புக்கில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் பூஸ்ட் பட்டனை அப்படியே அழுத்தாதீர்கள். நாங்கள் முதல் தடவை அழுத்தியபோது பார்வையாளர் இடம் இந்தியா என்றே இருந்தது, கவனிக்கவில்லை. மூன்று நாளில் லைக் குவிந்தது. எல்லாம் கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம். "சூப்பர் அண்ணா" என்று நாற்பது கமெண்ட். ஆர்டர் பூஜ்யம். நாட்டைச் சிங்கப்பூர் என்று மாற்றினால் மட்டும் போதாது, அங்கே எல்லா இனத்தவருக்கும் போகும். மொழி தமிழ் என்று வைத்தால், போனை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் நம் ஆட்களில் பலர் விட்டுப்போவார்களோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

அதனால் ஆளைத் தேடும் வேலையை விளம்பர வாசகத்துக்கே கொடுத்துவிட்டேன். "வெளிநாடு வாழ் தமிழர்களே" என்று ஆரம்பித்தால் யாரும் நிற்க மாட்டார்கள். "பாபநாசம், வலங்கைமான், குடவாசல், நன்னிலம்: பொங்கலன்று காலை கரும்பும் மஞ்சள்கொத்தும் உங்கள் அக்கா வீட்டு வாசலில்" என்று எழுதினால், அந்த ஊர்க்காரன் கட்டை விரலை நிறுத்துவான். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள், அவர்கள் நமக்கு வேண்டியவர்களும் இல்லை. நான்கு ஊருக்கு மேல் ஒரு விளம்பரத்தில் போடாதீர்கள், அடுத்த நான்கு ஊருக்கு வேறு விளம்பரம். வண்டி போகாத ஊரைப் போடவே போடாதீர்கள்.

விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்படி வைக்கலாம். அங்கிருந்து கதை முதல் எண்ணுக்கு வந்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய் விளம்பரத்துக்கு ஒதுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 11,800 ஆகிறது. எண்பது பேர் விசாரித்து, பதினாறு பேர் வாங்கி, பொருள் விலையும் பெட்ரோலும் போக ஆர்டருக்கு 450 ரூபாய் நின்றால் 7,200. அதாவது முதல் சுற்றில் 4,600 ரூபாய் நஷ்டம். விசாரணைக்குக் கால் மணி என்று பார்த்தாலும் எண்பது பேருக்கு இருபது மணி நேரம், அதற்குக் கூலியே போடவில்லை. இந்தப் பதினாறு பேரில் எட்டுப் பேர் அந்த வருஷத்துக்குள் இன்னும் இரண்டு தடவை வாங்கினால் மேலும் 7,200 வருகிறது, அப்போதுதான் 2,600 மிஞ்சுகிறது. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்கின் வடிவம் இதுதான். லேபிளும் தேதி நோட்டும் இல்லாமல் விளம்பரம் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது.

தைரியம் தருகிறதா என்றால், பழைய பக்கம் தரும், புதுப் பக்கம் தராது. விளம்பரத்தைப் பார்த்தவர் முதலில் பக்கத்துக்குள் போய் எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது போட்டார்கள் என்று பார்ப்பார். ஆறு பதிவுகூட இல்லாத பக்கத்துக்கு விளம்பரம் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு தொல்லை போலிப் பக்கம். நம் படங்களை எடுத்து, பெயரில் ஒரு புள்ளியை மாற்றி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். நமக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் "பணம் அனுப்பிட்டேனே, எங்கே பொருள்?" என்று, நாம் பார்த்தே இராத யுபிஐ முகவரியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவார். அதற்காகவே ஒவ்வொரு படத்தின் மீதும் கடை எண்ணை எழுதுகிறோம், கடைப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கைத் தவிர வேறெதற்கும் அனுப்ப வேண்டாம் என்று பக்கத்தின் மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள், கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டே பொட்டலம் கட்டுங்கள்.

பணம் வரும் வழியும் நாட்டைத் தேர்வு செய்வதில் சேர்த்தி. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 2023-ல் வழி செய்தபோது, முதல் பத்து நாடுகளில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் எல்லாம் இருந்தன, மலேசியா இல்லை. உங்கள் ஆட்களுக்கு எது ஓடுகிறது என்று கேட்டுவிட்டு விளம்பர நாட்டை முடிவு செய்யுங்கள்.

## ரீல், ஷார்ட்ஸ், யூடியூப்

பார்வை எண்ணிக்கையில் மயங்குவது இங்கேதான். நம் ரீலைப் பார்ப்பவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பார்கள். யூடியூப் ஸ்டுடியோவிலும் இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸிலும் நாடு வாரியாகப் பிரித்துக் காட்டும், மொத்தத்தைப் பார்க்காமல் அதை மட்டும் பாருங்கள். வாங்கிக்கொள்பவர் வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கே அதிகம் என்பதால், மூன்றாவது அளவுகோலில் இது படு மோசம். டெலிவரி வீடியோவை ரீலாக்குவதை நான் விட்டுவிட்டேன். அனுமதி கேட்டால் மகன் சரி என்பார், அம்மா சங்கடத்தில் தலையாட்டுவார். "வெளிநாட்டுக் காசு வர்ற வீடு" என்று வாசலோடு ஊருக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் வீடியோதான் ஜெயிக்கிறது. எல்லாவற்றையும் விற்காமல், ஊர்ப் பெயரோடு தேடப்படும் ஒரு பொருளை விற்கிறவர்களுக்கு அது உதவும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுமனை புகுவிழாவுக்குத் தங்கைக்கு விளக்கு அனுப்ப நினைக்கும் லண்டன் அண்ணனுக்குப் பயமே, பெயரைச் சொல்லி வேறெங்கோ செய்ததைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்பதுதான். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுப்பது, உருக்கி ஊற்றுவது, கடைசல் பிடிப்பது, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாகத் திருகிப் பூட்டுவது, கடைசியில் தராசில் வைத்து எடையைக் காட்டுவது: இதை எட்டு நிமிஷ யூடியூப் வீடியோவாகப் போட்டால் இரண்டு வருஷம் கழித்தும் யாராவது தேடி வருவார். ரீலுக்கு ஆயுள் ஒரு வாரம். ஷார்ட்ஸ் விவரத்திலும் கமெண்டிலும் கொடுக்கும் இணைப்பு 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து தொட்டால் திறப்பதில்லை என்பதால், எண்ணை வீடியோவுக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

செலவு, ஒரு முழு நாள். படம் எடுக்க அரை நாள், வெட்டி ஒட்ட அரை நாள். இரண்டே பேர் உள்ள கடையில் அந்த நாளில் டெலிவரி நின்றுபோகும்.

## பக்கத்தில் பக்கம்

| | வாட்ஸ்அப் | பேஸ்புக் விளம்பரம் | வீடியோ |
|---|---|---|---|
| காசு கொடுப்பவரை எட்டுவது | பழையவர் உறுதி, புதியவர் இல்லை | நாடும் ஊர்ப்பெயரும் சரியாக இருந்தால் எட்டும் | தேடி வந்தால் மட்டும் |
| முன்பணத் தைரியம் | டெலிவரி வீடியோவுக்குப் பின் அதிகம் | பக்கத்தின் வயதைப் பொறுத்து | ஒற்றைப் பொருளுக்கு மிக அதிகம் |
| வீட்டில் ரகசியம் | இரண்டு எண் இருந்தால் | படம் பொதுவாக இருந்தால் | கடினம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | ராத்திரி நேரம் | ஜிஎஸ்டி, விசாரணை நேரம், போலிப் பக்கம் | படத்துக்கு ஒரு நாள் |
| யாருக்கு | முப்பது வாடிக்கையாளராவது இருப்பவருக்கு | வண்டியும் ஆளும் தயாராக இருப்பவருக்கு | விளக்கு, பட்டு, ஓவியம் விற்பவருக்கு |

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கக் குழுக்களை நான் தனி வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே கடைக்காரர் போடும் விளம்பரத்தை நீக்கிவிடுவார்கள். வாடிக்கையாளர் ஒருவர் தானாக எழுதினால் நிற்கும், அதை நாம் கேட்டு வாங்க முடியாது.

## வலங்கைமான் தம்பிக்கு

உங்களிடம் பதினோரு வாடிக்கையாளர்கள், ஒன்பது பேர் சிங்கப்பூர் என்று எழுதியிருந்தீர்கள். ஐப்பசி வரை விளம்பரம் வேண்டாம். இரண்டாவது சிம் வாங்கி டெலிவரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு பேருக்கும் லேபிள் போடுங்கள். பேஸ்புக் பக்கத்தில் வாரம் இரண்டு படம், பொருளும் ஊரும் மட்டும், ஆள் முகம் வேண்டாம்.

கார்த்திகை பிறந்ததும் சிங்கப்பூருக்கு மட்டும், நான்கு ஊர்ப் பெயரோடு, முதலில் மூவாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுத்துப் பாருங்கள். சவூதியோ கத்தாரோ பிறகு சேர்க்கும்போது வியாழன் ராத்திரி போடுங்கள், அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. அமீரகத்துக்கு 2022 முதல் சனி, ஞாயிறு. விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு அதையும் லேபிளாக்குங்கள். "ரூம்ல கூட இருக்கிறவர் அவர் வீட்டு டெலிவரி வீடியோவைக் காட்டினார்" என்ற பதில் விளம்பரத்தைவிட அதிகமாக வந்தால், அடுத்த மூவாயிரத்தை விளம்பரத்துக்குப் போடாமல், பழைய வாடிக்கையாளரின் அம்மா பைக்குள் ஒரு திருவையாறு அசோகா டப்பாவாக வைத்துவிடுங்கள்.

மார்கழி 25-க்குப் பிறகு பொங்கல் ஆர்டர் எடுக்காதீர்கள். கரும்புக் கட்டை பைக்கில் ஒரு நடைக்கு எத்தனை வீட்டுக்கு ஏற்றிப்போக முடியும் என்று ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கை நிறைந்ததும் அதற்கு முன்பேகூட விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். மாட்டுப்பொங்கலன்று போய்ச் சேரும் பொங்கல் கரும்புக்கு எந்த அக்காவும் வீடியோவில் சிரிக்க மாட்டார்.